வழக்கில் இருக்கும் நிலத்தை வாங்கினால் தீர்ப்பும் சேர்ந்தே வரும்

1974 ஜூலையில் தமிழ்நாட்டில் ஒருவர் தன் சொத்தை விற்பதாக இன்னொருவரிடம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். கிரயம் முடியவில்லை. ஒப்பந்தக்காரர் 1975 மே 3-ஆம் தேதி, ஒப்பந்தப்படி சொத்தைத் தனக்கு எழுதித் தரும்படி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். இரண்டே நாள் கழித்து, மே 5-ஆம் தேதி, உரிமையாளர் அதே சொத்தை மூன்றாவது நபர் ஒருவருக்குக் கிரயம் செய்துவிட்டார். பணம் கொடுத்து வாங்கிய அந்த மூன்றாவது நபர், பழைய ஒப்பந்தம் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்று கடைசிவரை வாதாடினார்.

அந்த வழக்கு 2008-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சட்டப் புத்தகங்களில் குருசாமி நாடார் வழக்கு என்று குறிக்கப்படும் தீர்ப்பு அது. வாங்கியவர் நல்லெண்ணத்தோடுதான் வாங்கினார் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் இருப்பது தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியவருக்குக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது என்பதையும் மறுக்கவில்லை. ஆனாலும் அவர் தோற்றார். வழக்குத் தாக்கலான பிறகு நடந்த கிரயத்துக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு நாள் முந்தி வாங்கியிருந்தால் அவருடைய நல்லெண்ணத்துக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

இப்படித் தீர்ப்பு வரக் காரணம், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் உள்ள 52-ஆம் பிரிவு. வழக்கறிஞர்கள் இதை ‘லிஸ் பெண்டன்ஸ்’ என்பார்கள். நிலுவை வழக்குக் கோட்பாடு என்று சொல்லலாம். ஓர் அசையாச் சொத்தின் மீதான உரிமை நேரடியாகக் கேள்விக்கு உள்ளாகியிருக்கும் வழக்கு நிலுவையில் இருக்கும்போது, அந்த வழக்கில் வரப்போகும் தீர்ப்பால் எதிர்த் தரப்புக்குக் கிடைக்கக்கூடிய உரிமையைப் பாதிக்கும் விதத்தில், வாதியோ பிரதிவாதியோ அந்தச் சொத்தைக் கைமாற்ற முடியாது. நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, அது விதிக்கும் நிபந்தனைப்படி மாற்றுவது மட்டுமே விலக்கு. கிரயம், அடமானம், தானம், குத்தகை எல்லாமே இதில் அடங்கும்.

இந்தப் பிரிவில் ‘வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால்’ என்ற வார்த்தையே கிடையாது. பலரும் இடறி விழுவது இந்த இடத்தில்தான். வழக்கு இருப்பது வாங்குபவருக்குத் தெரியுமா, பிரதிவாதிக்கு சம்மன் போய்ச் சேர்ந்ததா என்றெல்லாம் நீதிமன்றம் பார்ப்பதில்லை. வழக்கு தாக்கலான தேதியையும் கிரயம் நடந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது.

தெரியாமல் வாங்கியவரைத் தண்டிப்பது அநியாயம் அல்லவா என்று தோன்றும். 1857-ல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ‘பெல்லமி எதிர் சபைன்’ வழக்கில் இதற்குச் சொல்லப்பட்ட விளக்கத்தைத்தான் இந்திய நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. வழக்கு நடக்கும்போது சொத்தைக் கைமாற்றிவிட்டு, புதிதாக வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்று சொல்ல அனுமதித்தால், எந்த வழக்கும் முடிவுக்கு வராது. பிரதிவாதி தீர்ப்புக்கு முந்தின நாள் மைத்துனருக்கு எழுதிவைப்பார். வாதி மைத்துனர் மேல் புதிதாக வழக்குப் போட வேண்டும். அதிலும் தீர்ப்பு நெருங்கும்போது மைத்துனர் வேறொருவருக்கு விற்பார். வழக்குப் போட்டவர் வென்றும் தோற்றவராகவே இருப்பார். ஆக, சட்டத்தின் முன் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் முறைப்படி நீதிமன்றத்துக்கு வந்தவர். மற்றவர் வழக்கில் இருப்பவரிடம் போய் வாங்கியவர். இருவரில் ஒருவருக்கு நஷ்டம் நேர்ந்தே தீரும் என்றால், முன்னவருக்கு அது நேரக் கூடாது என்று சட்டம் முடிவு செய்திருக்கிறது.

நிலுவை என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதிலும் பலருக்குத் தவறான கணக்கு இருக்கிறது. 1929-ல் இந்தப் பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. அதன்படி, வழக்குரையை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த நாளிலிருந்தே நிலுவை தொடங்கிவிடுகிறது. நம் நீதிமன்றங்களில் வழக்குரையைக் கொடுத்தவுடன் ஓ.எஸ். எண் விழுந்துவிடாது. பத்திர நகல் தெளிவாக இல்லை, நீதிமன்றக் கட்டணம் குறைவு என்று திருப்பித் தருவார்கள். சரிசெய்து மறுபடி தாக்கல் செய்து எண் வாங்குவதற்குள் வாரக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் வாங்கியவரும் நிலுவைக் காலத்தில் வாங்கியவர்தான்.

முடிவும் அப்படியே. தீர்ப்பு வந்த அன்று நிலுவை முடிந்துவிடுவதில்லை. தீர்ப்பாணை முழுமையாக நிறைவேற்றப்படும் வரை, அல்லது நிறைவேற்றக் கோருவதற்கான காலவரம்பு தீரும் வரை, அது தொடர்கிறது. சொத்தை ஒப்படைக்கச் சொல்லும் தீர்ப்பாணைக்குப் பொதுவாக அந்தக் காலவரம்பு 12 ஆண்டுகள். மேல்முறையீடும் அதே வழக்கின் தொடர்ச்சிதான். “கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு சார், ஆர்டர் காப்பி இருக்கு” என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்தத் தள்ளுபடிக்கு எதிராக மேல்முறையீடு போட இன்னும் நாள் இருக்கலாம், அல்லது ஏற்கெனவே போட்டிருக்கலாம். வாதி ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க மனுப் போடவும் வழி இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கு இன்னும் நீளமானது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணைக்கும், எந்தத் துண்டு யாருக்கு என்று பிரிக்கும் இறுதித் தீர்ப்பாணைக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழும். அத்தனை காலமும் வழக்கு நிலுவையில்தான் இருக்கிறது.

அப்படியானால் நிலுவைக் காலத்தில் செய்த கிரயம் செல்லாதா என்றால், செல்லும். 52-ஆம் பிரிவு பத்திரத்தை ரத்து செய்வதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தாம்சன் பிரஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே பத்திரம் செல்லுபடியாகும். எதிர்த் தரப்பின் உரிமையைத் தொடும் இடத்தில் மட்டும் அது பலிக்காது. வழக்கில் விற்றவர் முழுமையாக ஜெயித்தால் வாங்கியவருக்கு எந்தக் குறையும் இல்லை. விற்றவர் தோற்றால், தோற்ற அளவுக்கு வாங்கியவரும் தோற்கிறார். விற்றவரின் வெற்றி தோல்வியையே அவர் விலைக்கு வாங்கியிருக்கிறார்.

நம் ஊர்களில் இது அதிகம் கடிப்பது பாகப்பிரிவினை வழக்குகளில்தான். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் சொந்தமாகச் சம்பாதித்த 1 ஏக்கர் 20 சென்ட், அதாவது 120 சென்ட் நிலத்தை விட்டுவிட்டு, உயில் எழுதாமல் இறந்துபோகிறார். மனைவியும் பெற்ற தாயும் முன்பே காலமாகிவிட்டார்கள். ஒரு மகன், இரண்டு மகள்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பட்டா மகன் பெயருக்கு மட்டும் மாறியிருக்கிறது. மகள்கள் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, சாலையை ஒட்டிய 60 சென்டை சென்ட் ஒரு லட்சம் வீதம் 60 லட்சம் ரூபாய்க்கு மகன் ஒருவருக்குக் கிரயம் செய்துவிடுகிறார்.

வாங்கியவர் பட்டாவைப் பார்த்தார், வில்லங்கச் சான்றிதழ் பார்த்தார், எல்லாம் சுத்தமாக இருந்தது. வேலி போட்டார், போர் போட்டார். இரண்டாண்டு கழித்து முதல்நிலைத் தீர்ப்பாணை வருகிறது: மூவருக்கும் சம பங்கு. மகனுக்கு மொத்தமே 40 சென்ட் அளவுக்குத்தான் உரிமை என்பதால், 60 சென்டுக்குப் போட்ட பத்திரம் அந்தப் பங்கைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் சரியாக 40 சென்ட் கிடைத்துவிடும் என்று வாங்கியவர் நம்பினால் அதுவும் தவறாகலாம். இறுதித் தீர்ப்பாணைக்காக நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும். அவர் சர்வேயரோடு வந்து அளப்பார், வரைபடம் போடுவார், மதிப்பும் குறிப்பார். சமமாகப் பிரிப்பது என்றால் பரப்பை மட்டும் சமமாக்குவது அல்ல, மதிப்பையும் பார்க்க வேண்டும். சாலையை ஒட்டிய 60 சென்ட் சென்டுக்கு ஒரு லட்சம், பின்னால் இருக்கும் 60 சென்ட் சென்டுக்கு ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பு 90 லட்சம். ஒரு பங்கு 30 லட்சம். “நான் வாங்கிய இடத்தையே எனக்கு விற்றவரின் பங்குக்கு ஒதுக்குங்கள்” என்று வாங்கியவர் கேட்கலாம். மற்றவர்களுக்குப் பாதகம் இல்லாதவரை நீதிமன்றங்கள் அப்படி ஒதுக்குவதும் உண்டு. இந்த மதிப்பில் பார்த்தால் சாலையோரத்தில் 30 லட்சத்துக்கு வருவது 30 சென்ட். 60 லட்சம் கொடுத்தவர் கையில் பாதிதான் நிற்கிறது. இன்னொரு பாதிக்கான பணத்தை விற்றவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். ‘வில்லங்கம் ஏதும் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருகிறேன்’ என்று பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். அந்த வாக்குறுதிக்கு, விற்றவர் கையில் மிச்சம் இருக்கும் பணமும் சொத்தும் எவ்வளவோ அவ்வளவுதான் பெறுமானம்.

இதே இடத்தில் வழக்கு பாகப்பிரிவினையாக இல்லாமல், முதலில் பார்த்தது போல ஒப்பந்தப்படி கிரயம் கேட்கும் வழக்காக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே பங்கு என்ற பேச்சே இல்லை. வாதி ஜெயித்தால் முழுச் சொத்தும் போகும். கிரயப் பத்திரத்தில் விற்றவரோடு சேர்ந்து வாங்கியவரும் கையெழுத்துப் போடும்படி தீர்ப்பாணை வரும். போட மறுத்தால் நீதிமன்றமே பத்திரத்தை நிறைவேற்றிக் கொடுத்துவிடும்.

“என்னைத்தான் வழக்கில் சேர்க்கவே இல்லையே, தீர்ப்பு என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்?” என்று வாங்கியவர் கேட்பார். சேர்க்க வேண்டிய அவசியமே வாதிக்கு இல்லை என்பதுதான் பதில். வாங்கியவர் மேல் தனியாக வழக்குப் போடவும் வேண்டாம். நிறைவேற்று மனுப் போட்டால் அமீனா இடத்தைச் சுவாதீனம் எடுக்க வருவார். பொதுவாக, சுவாதீனத்தில் இருக்கும் மூன்றாம் நபர் தடுத்தால், அவருடைய உரிமை என்ன என்பதை நீதிமன்றம் விசாரிக்கும். ஆனால் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை, 102-ஆம் விதி, வழக்கு நிலுவையில் இருக்கும்போது தோற்றவரிடமிருந்து வாங்கியவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுப்பதில்லை. கிரயத் தேதி வழக்குத் தாக்கலுக்குப் பிந்தியது என்று தெரிந்துவிட்டால், அவர் தடுப்பது எடுபடாது.

இவ்வளவு பெரிய ஆபத்து வில்லங்கச் சான்றிதழில் ஏன் தெரிவதில்லை? வில்லங்கச் சான்றிதழ் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல். வழக்குத் தாக்கல் செய்வது நீதிமன்றத்தில் நடக்கும் காரியம். வாதி வழக்குப் போட்டதாலேயே பதிவு அலுவலகத்தில் ஒரு வரி ஏறிவிடாது. நீதிமன்றம் ஜப்தி செய்து அந்த உத்தரவு பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தால் தெரியலாம். வெறும் வழக்கு நிலுவை தெரியாது. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பத்திரத்தைப் பதிய மறுக்கவும் சார்பதிவாளரால் முடியாது. ஆகவே பதிவு ஆனதே சொத்து சுத்தம் என்பதற்குச் சாட்சி என்று நினைத்துவிடக் கூடாது. மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் நிலைமை வேறு. 1939-ல் பம்பாய் மாகாணத்தில் கொண்டுவந்த திருத்தத்தின் விளைவாக, வழக்கு பற்றிய அறிவிப்பைப் பதிவு செய்தால்தான் 52-ஆம் பிரிவின் பலன் வாதிக்குக் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு அப்படியொரு திருத்தம் இல்லை. இங்கும் வந்தால் வாங்குபவர் ஒரே இடத்தில் தேடித் தெரிந்துகொள்ளலாம். வழக்குப் போட்டவரின் உரிமைக்கும் குறைவு வராது. இதை நாம் கேட்க வேண்டும்.

அதுவரை தேடும் வேலை வாங்குபவருடையது. மாவட்ட நீதிமன்ற வழக்குகளை services.ecourts.gov.in தளத்திலும், உயர் நீதிமன்ற வழக்குகளை hcservices.ecourts.gov.in தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்து, தரப்பினர் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேட வேண்டும். சர்வே எண் போட்டுத் தேட முடியாது. அதனால் பெயரை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செந்தில் என்ற பெயரை ஒரு குமாஸ்தா Senthil என்றும் இன்னொருவர் Sendhil என்றும் பதிந்திருக்கலாம். எழுத்து மாற்றி மாற்றித் தேட வேண்டும். விற்பவர் பெயரோடு நிறுத்தாமல், அவருடைய அப்பா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவருக்கு விற்றவர் ஆகியோர் பெயரிலும் பார்க்க வேண்டும். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை இரண்டையும் பார்க்க வேண்டும். முடிந்தது என்று காட்டும் வழக்கில்தான் மேல்முறையீடு ஒளிந்திருக்கும். சொத்தின் மதிப்பைப் பொறுத்து வழக்கு முன்சீப், சார்பு, மாவட்ட நீதிமன்றங்களில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒன்றைப் பார்த்துவிட்டு விடக் கூடாது.

இவ்வளவு தேடினாலும் நேற்று தாக்கலாகி இன்னும் எண் வாங்காத வழக்கு தட்டுப்படாமல் போகலாம். அதனால் கணினித் தேடலைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது: இந்தச் சொத்தில் உரிமை கேட்கக்கூடிய யாருடைய கையெழுத்து இந்தப் பத்திரத்தில் இல்லை? தாய்ப் பத்திரத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால், எந்தத் தலைமுறையில் யார் விடுபட்டார் என்பது தெரியும். இறந்தவரின் வாரிசுச் சான்றிதழில் ஐந்து பெயர் இருந்து, பத்திரத்தில் மூன்று பேர் மட்டும் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால், மிச்சம் இருவரையும் நேரில் பார்த்துப் பேச வேண்டும். கட்டிக்கொடுத்த மகள்களின் பெயர்தான் பெரும்பாலும் விடுபடுகிறது. இடத்துக்குப் போய்ப் பக்கத்து நிலத்துக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசினாலே வழக்கு விவகாரம் வெளியே வந்துவிடும். சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைத்துச் சொல்கிறார்கள், சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார்கள் என்றால் அதற்கான காரணத்தை விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

எல்லா வழக்கும் சொத்தை இப்படிக் கட்டிப்போடாது. விற்பவர் மேல் கடன் பணம் கேட்டு ஒருவர் வழக்குப் போட்டிருக்கிறார் என்பதற்காக, அவருடைய வீட்டுக்கு 52-ஆம் பிரிவு பொருந்தாது. அந்த வீட்டின் உரிமை அங்கே கேள்வியே இல்லை. அடமானக் கடனுக்காக அந்த வீட்டையே விற்றுத்தரக் கேட்டிருந்தாலோ, ஜீவனாம்சத்துக்கு வீட்டின் மேல் பாத்தியதை கேட்டிருந்தாலோ கதை மாறும். இரு தரப்பும் கூடிப் பேசி மூன்றாம் நபரை ஏமாற்றப் போட்டுக்கொண்ட கூட்டுச்சதி வழக்குக்கும் இந்தப் பிரிவு உதவாது. ஆனால் அது சதி என்று நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையில் விழும்.

தெரிந்தே வாங்க வேண்டிய கட்டாயம் சிலருக்கு வரலாம். அப்போது நேர் வழி ஒன்று உண்டு. விற்பவரைக் கொண்டு வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே விற்பனைக்கு அனுமதி கேட்டு மனுப் போடச் சொல்ல வேண்டும். 52-ஆம் பிரிவே அதற்கு இடம் கொடுக்கிறது. தகுந்த பிணையோ நிபந்தனையோ விதித்து நீதிமன்றம் சொத்தை இந்தப் பிரிவின் பிடியிலிருந்து விடுவிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் வினோத் சேத் வழக்கில் கூறியிருக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டு இப்போதுதான் வழக்கு பற்றித் தெரிகிறது என்றால், முதல் வேலை கட்டடத்தை நிறுத்துவது. இரண்டாவது வேலை, வழக்கில் தன்னையும் தரப்பினராகச் சேர்க்கக் கோரி உடனே மனுப் போடுவது. விற்றவர் பணத்தை வாங்கிவிட்டார். இனி வழக்கை ஒழுங்காக நடத்துவதில் அவருக்கு அக்கறை இருக்காது. ஆஜராகாமல் விட்டு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரவிடுவார், அல்லது எதிர்த் தரப்போடு சமரசம் செய்துகொள்வார். இரண்டிலும் போவது வாங்கியவர் சொத்து. வாங்கியவரைச் சேர்ப்பது நீதிமன்றத்தின் விருப்புரிமைதான் என்றாலும், அவருடைய நலன் பாதிக்கப்படும் என்பதால் பொதுவாக அனுமதிக்கிறார்கள். சேர்ந்த பிறகும் விற்றவருக்கு இருந்த வாதங்களைத்தான் அவர் எடுத்துவைக்க முடியும். “நான் தெரியாமல் வாங்கினேன்” என்ற வாதம் அங்கேயும் எடுபடாது. ஆனால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், மேல்முறையீடு போடலாம், பாகப்பிரிவினையில் தான் வாங்கிய துண்டை விற்றவர் பங்கில் ஒதுக்கும்படி ஆணையரிடம் கேட்கலாம். மேலே பார்த்த உதாரணத்தில் சாலையோரத்து 30 சென்டாவது அவருக்கு மிஞ்சுமா, அல்லது பின்னால் உள்ள நிலம்தான் கிடைக்குமா என்பது அவர் அந்தக் கட்டத்தில் நீதிமன்றத்தில் இருந்து கேட்டாரா என்பதைப் பொறுத்தது.